எண்சீர் விருத்தம்: அடி இழுப்பதும் தாளம் சலிப்பதும்

கேள்வி: ஓர் ஏரி உடைந்த கதையை எண்சீர் விருத்தத்தில் நெடுங்கவிதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘காய் காய் மா தேமா, காய் காய் மா தேமா’ என்று வாய்பாடு சரியாகத்தான் வருகிறது. ஆனால் வாய்விட்டு வாசித்தால் அடி இழுக்கிறது, நடுவில் இடறுகிறது. இருபது பாட்டுக்கு மேல் ஒரே தாளமாகவும் சலிக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்? மாதிரிக்கு என் அடி ஒன்று:

கரையுடைந்த செய்தியினைக் கேட்ட மக்கள்
கலங்கியழு தார்பின்னர் ஓடி னாரே

பதில்: முதலில் அலகிட்டுப் பார்த்துவிடலாம். கரையுடைந்த (கருவிளங்காய்), செய்தியினைக் (கூவிளங்காய்), கேட்ட (தேமா), மக்கள் (தேமா). அடுத்த பாதியில் கலங்கியழு (கருவிளங்காய்), தார்பின்னர் (தேமாங்காய்), ஓடி (தேமா), னாரே (தேமா). எல்லாம் சரி. ஐந்தாம் சீரில் மோனையும் இருக்கிறது. இலக்கணப்படி குறை சொல்ல இடமில்லை. சிக்கல் எல்லாம் சொற்கள் எங்கே வெட்டுப்படுகின்றன என்பதில்தான் இருக்கிறது.

‘அழுதார்’ என்ற சொல் இரண்டாகப் பிளந்து, ‘தார்’ அடுத்த சீரின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. வகையுளி பழைய புலவர்களிடமும் உண்டு, அதனால் அது கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா வகையுளியும் ஒன்றல்ல. ‘ஓடி னாரே’ என்பதும் வகையுளிதான், அது காதை அவ்வளவாக உறுத்தவில்லை. பிரிந்து வந்த ‘னாரே’ தனியாக நிற்கிறது, வேறு சொல்லோடு ஒட்டவில்லை. ‘தார்பின்னர்’ அப்படியில்லை. விகுதியும் புதுச்சொல்லும் ஒரே சீரில் ஒட்டி, தமிழில் இல்லாத ஒரு சொல் காதில் விழுகிறது. வாசிப்பவர் ஒரு கணம் நின்று, பின்னால் போய்ப் பொருளை மீட்டுக்கொண்டு வரவேண்டும். நீங்கள் சொல்லும் இடறல் அதுதான். வரைவை முடித்ததும், சொல்லின் வால் ஒன்று வேறொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சீர்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அவற்றை முதலில் மாற்றுங்கள், மற்றவை காத்திருக்கலாம்.

இழுப்புக்குக் காரணம் வேறு. ‘செய்தியை’ என்றால் போதும், காய்ச்சீருக்காக ‘செய்தியினை’ ஆகியிருக்கிறது. கடைசி ஏகாரம் தேமாவை நிரப்ப வந்தது. விருத்தம் ஏகாரத்தில்தான் முடியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘பின்னர்’ என்ற சொல்லும் தேவையில்லை, முதலில் அழுதார்கள், அடுத்து ஓடினார்கள் என்பது வரிசையிலேயே தெரிகிறது. எட்டுச் சீரில் மூன்று சீர் இப்படி வெறும் அடைப்பாகப் போனால் அடி இழுக்காமல் என்ன செய்யும்?

நீண்ட அடி கிடைத்தால் அதை நிரப்பவேண்டும் என்று கை பரபரக்கும். எண்சீர் அடியை எட்டுச் சீராகப் பார்ப்பதால் வரும் பரபரப்பு அது. அதை நான்கு சீர் கொண்ட இரண்டு அரையடியாகப் பாருங்கள். தேமாவில் ஓர் இளைப்பாறல், ஐந்தாம் சீரின் மோனையில் மறுபடி ஓர் எழுச்சி. ஒவ்வோர் அரையடியும் ஒரு முழுச்செய்தியை, குறைந்தது ஒரு முழுச்சொற்றொடரையாவது, சுமக்கவேண்டும். நான்காம் சீரில் பெயரெச்சத்தை வைத்துவிட்டு அதன் பெயரை ஐந்தாம் சீருக்குத் தள்ளினால் இளைப்பாறும் இடம் கெட்டுவிடும். உங்கள் அடியில் ‘மக்கள்’ என்ற எழுவாய் முதல் பாதியின் கடைசியில் நிற்கிறது, அதற்கான வினை இரண்டுமே அடுத்த பாதியில் இருக்கிறது. முதல் பாதி தன் காலில் நிற்கவே இல்லை. இப்படி மாற்றிப் பார்க்கலாம்:

கரையுடைந்த சேதிகேட்டுக் கண்ணீர் மல்கக்
கைக்குழந்தை தோளேற்றி மேடு சேர்ந்தார்

வாய்பாடு அதேதான். அடைப்பை எடுத்ததில் மிஞ்சிய இடத்துக்கு ஒரு கைக்குழந்தையும் ஒரு மேடும் வந்துவிட்டன. ‘மக்கள்’ போய்விட்டார்கள், ‘சேர்ந்தார்’ என்ற வினையே அவர்களைச் சொல்லிவிடுகிறது.

இனி ஒரு முழுப்பாட்டு. உங்கள் கதையிலேயே, கரை உடைவதற்குச் சற்று முந்திய காட்சியை எடுத்துக்கொள்கிறேன். விருத்தத்தில் நான்கு அடிக்கும் ஒரே எதுகை வேண்டும் என்பதால், எழுதத் தொடங்குமுன் எதுகைச் சொற்களை ஒரு தாளில் கொட்டிவிடுவது நல்லது: கரை, திரை, நுரை, தரை, இரை, விரை, உரை, வரை. ‘நாரை’ சேராது, அதன் முதலெழுத்து நெடில். இந்தக் குவியலில் எது நான்காம் அடிக்கு என்பதை முதலில் முடிவுசெய்யவேண்டும். பெரும்பாலானவர்கள் நல்ல சொல்லை முதலடியிலேயே செலவழித்துவிட்டு, நான்காம் அடிக்கு ‘உரைத்தாரே’ என்று ஒரு வறட்டுச் சொல்லோடு வந்து நிற்பார்கள். இங்கே உடைப்பு எடுக்கப்போகும் மதகில் நுரை தள்ளுவதுதான் கண்ணில் நிற்கவேண்டிய காட்சி, ஆகவே ‘நுரை’ கடைசிக்கு.

கரையோரம் நின்றவர்கள் கலங்கிப் பார்க்கக்
கருமேகம் வானெங்கும் திரண்டு நிற்க,
திரைதிரையாய் நீர்பெருகித் திமிறி மோதத்
தெருவெல்லாம் இருள்மூடித் தவிக்கும் நேரம்,
விரைந்தோடி வந்தவொரு சிறுவன் சொன்னான்,
“வெடிப்பொன்று தென்கோடி மதகில் கண்டேன்!”
நுரைகக்கும் அவ்விடத்தில் மண்ணைக் கொட்ட
நொடியினிலே ஊர்மக்கள் கூடை கொண்டார்.

நான்காம் அடியின் பின்பாதிக்கு முதலில் தோன்றியது ‘நூறுபேர் கூடையுடன்’ என்பது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வாய்பாடு இடிக்கும். நூ தனியே நேர், ‘றுபேர்’ குறிலும் நெடிலும் சேர்ந்து நிரை. ஆக அது கூவிளம், காய் அல்ல. மூன்று துண்டாகக் காதில் விழுவதால் காய் என்று ஏமாந்துவிடுவோம். குற்றியலுகரத்தில் முடியும் சொல்லோடு இன்னொரு சொல் ஒரே சீரில் சேரும்போதெல்லாம் இந்த ஏமாற்று நடக்கும். ‘நூறுபேரும்’ என்று நீட்டினால் கூவிளங்காய் ஆகிவிடும். எனக்கு ‘நொடியினிலே’ காட்சிக்கு இன்னும் பொருத்தமாகப் பட்டது.

வாக்கியம் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். முதல் இரண்டு அடிகளில் முற்றுவினையே இல்லை, பார்க்க, நிற்க, மோத என்று தொங்கிக்கொண்டே வந்து ‘நேரம்’ என்பதில் சற்றே தரிக்கிறது. முதல் முற்று மூன்றாம் அடியின் பாதியில், ‘சொன்னான்’ என்று விழுகிறது. ஒவ்வோர் அரையடியின் தேமாவிலும் வந்தான், கண்டான், சொன்னான் என்று முற்றுவினை உட்கார்ந்தால் அதுதான் இருபதாவது பாட்டில் சலிப்பாக முளைக்கும். உங்கள் பாடல்களில் நான்காம், எட்டாம் சீர்களை மட்டும் தனியே எழுதிப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஆன், ஆர் விகுதியாக இருந்தால் நோய் வாய்பாட்டில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தேமாவில் பெயரும் எச்சமும் மாறி மாறி வரட்டும். (மேலே உள்ள பாட்டிலும் ‘தவிக்கும் நேரம்’ கொஞ்சம் தளர்வுதான். திருத்தினால் அங்கேதான் கை வைப்பேன்.)

வாய்பாட்டை மாற்றாமலேயே வேகத்தை மாற்றலாம் என்பது பலர் பயன்படுத்தாத வசதி. ‘காய்’ என்ற இடத்தில் நான்கு வகைக் காயும் வரலாம். இந்த இரண்டு அரையடிகளை உரக்கப் படியுங்கள்:

ஊரெல்லாம் வாய்மூடி ஓய்ந்த வேளை

இடியிடித்து மழைபொழிந்து பெருகும் வெள்ளம்

இரண்டும் காய் காய் மா தேமாதான். ஆனால் மெய்யெழுத்தை விட்டு எண்ணினால் முதலாவதில் 10 எழுத்து, அடுத்ததில் 15. முதலாவது முழுக்க தேமாங்காயும் தேமாவுமாக நெடில் மிகுந்து கனத்து நடக்கிறது. அடுத்ததில் இரண்டு கருவிளங்காயும் ஒரு புளிமாவும், குறில்கள் நெருங்கி விரைகின்றன. அமைதியான காட்சிக்குத் தேமாங்காய், கொந்தளிப்புக்குக் கருவிளங்காய் என்று சட்டம் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் வரைவில் எந்தக் காய் அதிகம் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். கைப்பழக்கத்தில் ஒரே காய் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால், தாளம் ஒரேயடியாக ஒலிப்பது அதனாலும் இருக்கலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் சலித்தால், அப்போது பாவகையையே மாற்றுங்கள். நெடுங்கதையை ஒரே விருத்தத்தில் ஓட்டவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கம்பராமாயணத்தில் ஒரே படலத்துக்குள்ளேயே பாவகை மாறும். மக்கள் ஓடும் காட்சிக்கு எண்சீர் பெரிய சுமை, ‘விளம் மா தேமா’ இருமுறை வரும் அறுசீருக்கு மாறிக்கொள்ளலாம். அதில் மோனை நான்காம் சீரில்:

ஓடினர் சிறுவர் பெண்கள்
ஒதுங்கிட மேடு தேடி

மூச்சு சட்டென்று குறுகிவிடுவது தெரிகிறது அல்லவா? ஆனால் மாற்றம் காட்சி மாறும் இடத்தில் நடக்கவேண்டும், ஒருவர் பேச்சின் நடுவிலோ ஒரு வருணனையின் பாதியிலோ அல்ல. மாறியபின் ஐந்தாறு பாட்டாவது அதிலேயே நில்லுங்கள். ஒன்றிரண்டு பாட்டில் திரும்பிவிட்டால், எண்சீரில் முட்டிக்கொண்டதால் விலகினீர்கள் என்றுதான் வாசகருக்குத் தோன்றும்.