3டி சார்ட்டில் முன்னால் நிற்பது ஏன் பெரிதாகத் தெரிகிறது? கேள்வி பதில்

நான்கு துண்டும் சரியாக 25 சதவீதம். 3டி பை சார்ட்டாகப் போட்டால் முன்னால் இருப்பது மட்டும் பருத்துத் தெரிகிறது. எக்செல் தப்பாக வரைகிறதா?

கணக்கு சரிதான். பார்க்கும் கோணம்தான் வேலையைக் காட்டுகிறது. எக்செல் 3டி பை சார்ட்டை வழக்கமாக 30 டிகிரி உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் வரையும். மேசையில் கிடக்கும் தட்டைத் தாழ்ந்து பார்ப்பதைப் போல, அகலம் அப்படியே இருக்க, உயரம் பாதியாகிவிடும்.

உங்கள் துண்டுகளில் ஒன்று நேர் முன்னால், ஒன்று பின்னால், இரண்டு பக்கவாட்டில் என்று வையுங்கள். தட்டையான வட்டத்தில் ஒவ்வொன்றும் மையத்தில் 90 டிகிரி. சாய்த்த பிறகு திரையில் அளந்தால் முன்னதும் பின்னதும் சுமார் 127 டிகிரி, பக்கத்துத் துண்டுகள் வெறும் 53. அளவில் சமமான துண்டுகள், கோணத்தில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

சாய்த்தால் எல்லாத் துண்டின் பரப்பும் ஒரே விகிதத்தில்தானே சுருங்கும்? அப்படியென்றால் பரப்பைப் பார்த்து ஒப்பிடுபவர் ஏமாற வழியே இல்லையே.

நல்ல கேள்வி, பாதி சரி. மேல்முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வதுதான் உண்மை. கிட்டே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் சேராதவரை பரப்பு விகிதம் மாறாது.

ஆனால் 3டி பைக்குத் தடிமன் உண்டு. வட்டத்தின் ஆரம் 10 செ.மீ., சாய்த்த பிறகு திரையில் தெரியும் பக்கச் சுவரின் உயரம் 2 செ.மீ. என்று கொள்வோம். ஒவ்வொரு துண்டின் மேல்முகமும் சுமார் 39 சதுர செ.மீ. முன் துண்டுக்கு மட்டும் அதே நிறத்தில் 28 சதுர செ.மீ. சுவர் கூடுதலாகக் கிடைக்கிறது, ஆக 67. பக்கத்துத் துண்டுகளுக்குக் கொஞ்சம் சுவர் தெரியும், 45 வரும். பின்னால் இருப்பதற்குச் சுவரே தெரியாது, 39தான். அதாவது 25 சதவீதமாக இருந்த முன் துண்டு, படத்தில் பூசிய மொத்த நிறத்தில் ஏறக்குறைய 34 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின் துண்டுக்குக் கிடைப்பது 20.

கண் கோணத்தைப் பார்க்கிறதா, பரப்பையா, விளிம்பின் நீளத்தையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எதைப் பார்த்தாலும் இங்கே முன் துண்டுதான் ஆதாயம் அடைகிறது.

எங்கள் மேலாளருக்கு 3டிதான் பிடிக்கும். ஒவ்வொரு துண்டின் மேலும் சதவீதத்தை எழுதிவிடுகிறேன். போதாதா?

2008 மேக்வேர்ல்ட் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய ஸ்மார்ட்போன் சந்தைப் பங்கு சார்ட்டிலும் எண்கள் எழுதித்தான் இருந்தன. முன்னால் இருந்த ஆப்பிளின் 19.5 சதவீதம், பின்னால் இருந்த ‘மற்றவை’யின் 21.2 சதவீதத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எண் ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. அவசரத்தில் பார்ப்பவர் மனதில் தங்குவது படம்தான்.

மேலாளரிடம் வாதாட வேண்டாம். அவர் முன்னிலையில் `3-D Rotation` பகுதியில் `X Rotation` மதிப்பை 180 டிகிரி மாற்றிக் காட்டுங்கள். தரவில் கை வைக்காமலே முன்னால் இருந்தது பின்னால் போய் இளைத்துவிடும். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் நான் என்ன செய்ய!

என்னிடம் கிளை, மாதம், விற்பனை என மூன்று விவரங்கள் உள்ளன. மூன்று இருந்தால் 3டி போடத்தானே வேண்டும்?

இது வேறு விஷயம். மேலே பேசியது அலங்காரத்துக்குச் சேர்க்கும் ஆழத்தைப் பற்றி. உங்கள் ஆழத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் முன்வரிசை பார்கள் பின்வரிசையை மறைத்துவிடும். கிளைக்கு ஒரு சிறிய சாதாரண சார்ட்டாக, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்துப் போடுங்கள்.

பார் சார்ட்டில் உயரம் மாறாதே, அதிலாவது 3டி பரவாயில்லையா?

பாரின் நீளம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சிக்கல் அளவுகோலில். கிடைக்கோடுகள் பின்சுவரில் இருக்கின்றன, பார் அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது. மேலிருந்து பார்க்கும்போது முன்னால் நிற்பது திரையில் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். அதனால் 60 காட்ட வேண்டிய பாரின் தலை 60 கோட்டைத் தொடாது.

அந்த இறக்கம் 3 அலகு என்றால் 60ஐ 57 என்று படிப்போம், பெரிய நஷ்டமில்லை. பக்கத்தில் உள்ள 6ஐ 3 என்று படிப்போம், அது பாதி. இறக்கம் எல்லாப் பாருக்கும் ஒன்றுதான், அடி வாங்குவது சின்னப் பார்கள். போதாததற்கு பாரின் தலையில் முன்விளிம்பு, பின்விளிம்பு என இரண்டு கோடுகள். எதை வைத்துப் படிப்பது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். `Change Chart Type` போய் `Clustered Column` தேர்ந்தெடுத்தால் பாரும் கோடும் ஒரே தளத்துக்கு வந்துவிடும்.