கடை இணையதளம் இல்லாமல் லிங்க், கியூஆர் மூலம் பணம் வாங்குவது எப்படி?

"பத்துப் பதினைந்து பொருள்தான் விற்கிறேன். இணையக் கடை வேண்டாம். ஒரே கியூஆர் படத்தை எல்லாருக்கும் அனுப்பினால் போதுமா?"

நேரில் விற்க அது போதும். தொலைவில் இருந்து ஆர்டர் வந்தால் போதாது. ஒரே விலைப் பொருளை மூன்று பேர் கேட்டு, இரண்டு பேர் பணம் போட்டார்கள் என்று வையுங்கள். கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை தெரியும். அனுப்பியவர் பெயர் ஆர்டர் கொடுத்தவருடையதாக இல்லாவிட்டால் யாருடைய பணம் என்று தெரியாது.

அதனால் லிங்க் மூலம் பணம் வாங்க உதவும் கட்டணச் சேவை ஒன்றில், ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி லிங்க் உருவாக்குங்கள். தொகையை நீங்களே நிரப்பிப் பூட்டுங்கள், வாங்குபவர் மாற்ற முடியக் கூடாது. குறிப்புப் பகுதியில் ஆர்டர் எண்ணை இடுங்கள். ஒருமுறை மட்டும் செலுத்தும்படி வைத்து, 24 மணி நேரத்தில் காலாவதியாக்குங்கள். காலாவதி இல்லாத பழைய லிங்க்கில், பொருள் தீர்ந்த பிறகும் பணம் வந்து சேரும். திருப்பித் தரும் வேலை உங்கள் தலையில் விழும். இந்த லிங்க்கையே கியூஆராகவும் காட்டலாம், ஆனால் அச்சடித்து ஒட்டாதீர்கள். ஒட்டுவதற்கு நிரந்தரக் கியூஆர்தான் சரி. அதன்மேல் வேறு யாராவது தங்கள் கியூஆரை ஒட்டியிருக்கிறார்களா என்று தினமும் நீங்களே ஸ்கேன் செய்து, வரும் பெயரைப் பாருங்கள்.

வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பவே வேண்டாம். அதைத் திருத்துவது மிக எளிது. கட்டணச் சேவையில் உள்ள உங்கள் கணக்கில் அந்த ஆர்டர் எண்ணுக்கு எதிரே ‘செலுத்தப்பட்டது’ என்று வந்த பிறகே பார்சல் கட்டுங்கள்.