மூலைவிட்டத்தின் இன்ஃப்ளூயன்ஸ் லைன் பேனல் நடுவே குதிக்கிறது

"கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பாலிடெக்னிக் சிவில். 30 மீட்டர் பிராட் டிரஸ், 6 பேனல், உயரம் 5 மீட்டர், சுமை கீழே. U2-L3 மூலைவிட்டத்தின் கோடு பேனல் நடுவில் குதிக்கிறது. ஏன்?"

குதிக்கக் கூடாது. L2-இல் −0.471, L3-இல் +0.707 குறித்து நேர்கோட்டால் இணையுங்கள். இரு தாங்கிகளிலும் சுழி.

உத்தரத்தின் ஷியர் படத்தை அப்படியே போட்டிருப்பீர்கள். டிரஸ்ஸில் சக்கரச் சுமை ஸ்ட்ரிங்கர் வழியாக கிராஸ் கர்டருக்குப் போய், அப்புறம்தான் மூட்டுகளில் இறங்கும்.

அலகுச் சுமையை L2-இலிருந்து 2 மீட்டரில் வைத்துப் பாருங்கள். L2-க்கு 0.6, L3-க்கு 0.4 போகும், மூலைவிட்டத்தில் விசை சுழி. கோடு அச்சை வெட்ட வேண்டிய இடம் அதுதான். அதற்கு இடப்பக்கம் மட்டும் சுமை நின்றால் மூலைவிட்டம் அமுக்கத்துக்குப் போகும், அதையும் டிசைனில் பார்க்க வேண்டும்.

மேல் நாண் சாய்ந்திருந்தால் இந்த ஷியர் வழி செல்லாது. நாண்கள் நீண்டு சந்திக்கும் புள்ளியில் மொமென்ட் எடுங்கள்.