வைத்தது முப்பது, நின்றது இருபத்து மூன்று

கேள்வி: வீட்டிலிருந்தே மசாலாப் பொடி தயாரித்து விற்கிறோம். எக்செல் ஷீட்டில் சாம்பார் பொடி லாபம் 30%, ரசப் பொடி 30%, மல்லித்தூள் 36.5% என்று இருக்கிறது. போன மாதம் சாம்பார் பொடி மட்டும் 1,56,000 ரூபாய்க்கு விற்றோம். 30% என்றால் 46,800 வர வேண்டும். அடக்கம் போக 36,000தான் நின்றது. மீதி 10,800 எங்கே?

பதில்: எங்கேயும் போகவில்லை. அது முதலிலிருந்தே இல்லாத பணம்.

ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். விற்றது ஆயிரம் பாக்கெட் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அடக்கம் 120 ரூபாய், விலை 156 ரூபாய், லாபம் 36 ரூபாய். இந்த 36 என்பது 120-இல் 30%. அதாவது அடக்கத்தின் மேல் முப்பது ‘வைத்து’ விற்றிருக்கிறீர்கள். இதுதான் மார்க்கப். அதே 36, விற்ற 156-இல் 23.08%தான். விற்ற காசில் கையில் ‘நிற்பது’ இவ்வளவு. இதுதான் மார்ஜின். நீங்கள் வைத்த சதவீதத்தை விற்பனைத் தொகையோடு பெருக்கியதால்தான் 46,800 என்று வந்தது. 30%-ஐ மொத்த அடக்கமான 1,20,000 ரூபாயோடு பெருக்கிப் பாருங்கள், சரியாக 36,000 வரும்.

இப்போது ஷீட்டைச் சரிபார்ப்போம். B-இல் அடக்கம், C-இல் விற்பனை விலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இரண்டு புதிய காலம் போடுங்கள். முதலாவது மார்க்கப், இரண்டாவது மார்ஜின்:

```
=(C2-B2)/B2
=(C2-B2)/C2
```

பழைய ‘லாபம் %’ காலத்தில் உள்ள எண் இந்த இரண்டில் எதோடு ஒத்துப்போகிறது என்று வரிசை வரிசையாகப் பாருங்கள். உங்கள் ரசப் பொடியின் அடக்கம் 98, விலை 140 என்று வைத்துக்கொள்வோம். லாபம் 42 ரூபாய். அது விலையில் சரியாக 30%, ஆனால் அடக்கத்தில் 42.86%. அப்படியென்றால் சாம்பார் பொடிக்கு எதிரே உள்ள 30% மார்க்கப், ரசப் பொடிக்கு எதிரே உள்ள 30% மார்ஜின். தலைப்பு ஒன்று, எண் ஒன்று, பொருள் வேறு. ஷீட்டை இரண்டு பேர் நிரப்பினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். நான் பார்த்த ஷீட்டுகளில் முழுக்கத் தப்பாக இருந்ததைவிட, இப்படிக் கலந்து கிடந்ததுதான் அதிகம். முழுக்க ஒரே தப்பென்றால் தலைப்பை மாற்றினால் போதும். கலந்திருந்தால் எது அதிக லாபம் தரும் பொடி என்பதே தலைகீழாகத் தெரியலாம்.

எண் எதோடும் ஒத்துப்போகாவிட்டால் `Ctrl` + `` ` `` அழுத்துங்கள், செல்களில் உள்ள ஃபார்முலாக்கள் தெரியும். ஃபார்முலா இல்லாமல் வெறும் எண் நின்றால், யாரோ கையால் அடித்துவிட்டு, பிறகு விலை மாறியும் அதைத் திருத்தவில்லை என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் உண்டு. மார்ஜின் ஒருபோதும் 100%-ஐத் தாண்டாது, மார்க்கப் தாண்டும். ‘மார்ஜின்’ என்ற தலைப்பின் கீழ் 120% என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மல்லித்தூளின் 36.5%-இல் வேறு சிக்கல் இருக்கக்கூடும். அடக்கம் 80, நேரடியாக விற்கும் எம்ஆர்பி 126 என்றால் (126-80)/126 சரியாக 36.5% வரும். ஃபார்முலா மார்ஜினுடையதுதான். ஆனால் அந்த 126-க்குள் 5% ஜிஎஸ்டி இருக்கிறது. அது உங்கள் காசு இல்லை. 126-ஐ 1.05-ஆல் வகுத்தால் உண்மையான விலை 120, லாபம் 40, மார்ஜின் 33.3%. இங்கே 126-இலிருந்து 5% கழித்து 119.70 என்று போடுபவர்கள் உண்டு. எதன் மேல் ஐந்து என்று பார்க்காத அதே தவறுதான் அது.

சரி, சாம்பார் பொடியில் உண்மையாகவே 30% நிற்க வேண்டுமென்றால் என்ன விலை? 1.3-ஆல் பெருக்காதீர்கள், 0.7-ஆல் வகுங்கள்:

```
=B2/(1-30%)
```

120-க்கு 171.43 ரூபாய் வரும். ஒரேயடியாக 15 ரூபாய் ஏற்ற முடியுமா என்பது உங்கள் சந்தையைப் பொறுத்தது. 156-இலேயே விற்கலாம், தப்பில்லை. வாடகை, கூலி, கரண்ட் எல்லாம் 23%-க்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் தள்ளுபடி தரும்போது கவனம். மொத்தமாக எடுக்கும் கடைக்காரர் 25% குறைக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். முப்பதில் இருபத்தைந்து போனால் ஐந்தாவது நிற்குமே என்று தோன்றும். 156-இல் 25% என்பது 39 ரூபாய். பாக்கெட் 117-க்குப் போகும், அடக்கமோ 120. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 3 ரூபாய் நீங்களே கொடுத்து அனுப்புகிறீர்கள்.