தம்பி எப்போது சார் ஆனார்? – பெங்களூரு தமிழ் டெஸ்க் கேள்வி பதில்

"அண்ணா, கால் சென்டர் குவாலிட்டி டீமுக்குப் புதுசு. ரெக்கார்டிங்கைக் கேட்டு, கஸ்டமர் மனநிலை எங்கே மாறுதுன்னு எழுதணும். நாற்பது நிமிஷ கால். 'கஸ்டமர் கோபமானார்'னு எழுதினா லீட் திருப்பி அனுப்புறார்." (மாரத்தஹள்ளி)

அனுப்பத்தான் செய்வார். கோபம் என்பது நீங்கள் எடுத்த முடிவு. ரெக்கார்டிங்கில் இருப்பது பேச்சு மட்டும்தான்.

போன மாதம் ஒரு ரீஃபண்ட் கால் கேட்டேன். மதுரைக்காரர். முதல் இரண்டு நிமிஷம் எதையும் குறிக்காமல், அவருடைய இயல்பான பேச்சைக் காதில் ஏற்றிக்கொண்டேன். நீளமாக, 'தம்பி' போட்டுப் பேசுகிறவர். 6:40இல் 'ரெண்டு நிமிஷம் ஹோல்ட்' என்ற ஏஜென்ட் திரும்பியது 13:10க்கு. அப்போதும் "ஆறு நிமிஷம் ஆச்சே தம்பி" என்றார், அவ்வளவுதான். 17:25இல் வேறு டெஸ்க். அங்கேயும் ஆர்டர் நம்பர் கேட்டார்கள். நான் எழுதியது இது:

"17:50 – ஆர்டர் நம்பர் மூன்றாம் முறை கேட்கப்பட்டது. வாடிக்கையாளர்: 'மூணாவது தடவ சொல்றேன் சார்.' 18:00–29:00 பதில்கள் பெரும்பாலும் 'ம்', 'சரி'."

முன்னால் நடந்தது, அவர் சொன்னது, பிறகு எவ்வளவு நேரம் அப்படியே நீடித்தது. இந்த மூன்றும் போதும்.

"வால்யூம் கிராஃப் ஏறுற இடத்தைக் குறிச்சாலே போதுமே?" (எலக்ட்ரானிக் சிட்டி)

எங்கே கேட்பது என்று தேட உதவும். ஆனால் இந்தக் காலில் கிராஃப் உச்சிக்குப் போனது நாலாவது நிமிஷத்தில், பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தபோது. அவர் மனசு விட்டுப்போன பதினொரு நிமிஷமும் கோடு தரையோடு கிடந்தது. ஒரு வாக்கியம் உரக்க வந்து அடுத்ததே பழையபடி ஆனால் அதைத் திருப்பமாக எழுதாதீர்கள். இரண்டு மூன்று பதில்களாவது மாறியே இருக்க வேண்டும்.

"என் கஸ்டமர் 'ஹலோ'வே கத்திக்கிட்டுத்தான் வந்தார். எனக்கு மார்க் போச்சு!" (ஒரு ஏஜென்ட்)

அப்படியானால் 0:00இலேயே அதைக் குறித்திருக்க வேண்டும். முந்தைய காலின் டிக்கெட்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள், காரணம் அங்கே கிடக்கலாம். மார்க் விஷயம் உங்கள் மேனேஜர் கையில்.

"டெஸ்க் மாறினா ஆளும் மாறிடுமே. புது ஆளை 'சார்'னு கூப்பிட்டதை மனநிலை மாற்றம்னு எப்படிச் சொல்றீங்க?" (கோரமங்களா)

நல்ல பிடி. 'சார்' மட்டும் இருந்தால் நானே விட்டிருப்பேன். பதில்கள் சுருங்கியதுதான் எனக்குச் சாட்சி. 29:10இல் ரீஃபண்ட் நம்பரைச் சொன்னதும் "இருங்க, பேனா எடுக்கிறேன்" என்றார். நீளமான பேச்சும் திரும்பியது. ஆனால் அதே புது ஆளிடம் கடைசிவரை 'சார்'தான். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

கடைசியில் ஒரு "ரொம்ப நன்றி சார்". குத்தலா, நிஜமா? நானும் லீடும் இரண்டு தடவை கேட்டோம், ஒத்துப்போகவில்லை. சொன்னதை மட்டும் 37:40 என்று நேரம் போட்டு எழுதிவிட்டோம்.