ஒரு ஏக்கர் 28 லட்சம் என்கிறார்கள், எங்களுக்குக் காட்டிய விவசாய நிலம் 43 சென்ட். அப்படியென்றால் ஒரு சென்ட் என்ன விலை?

28,000 ரூபாய். ஒரு ஏக்கருக்கு 100 சென்ட், ஆகவே ஏக்கர் விலையை நூறால் வகுத்தால் போதும். இந்தக் கணக்கில் 43-க்கு வேலையே இல்லை. அது அடுத்த படியில்தான் வரும்: 28,000 x 43 = 12 லட்சத்து 4 ஆயிரம், அதுதான் முழுக் காணியின் விலை. சிலர் 28 லட்சத்தை 43-ஆல் வகுத்துவிட்டு சென்ட் 65 ஆயிரமா என்று பதறுவார்கள். அந்த 28 லட்சம் காட்டிய நிலத்துக்கான விலை இல்லை, ஒரு முழு ஏக்கருக்கான விலை.

ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இவ்வளவு நீளப் பதிலா என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வகுத்தல் யாருக்கும் கஷ்டமில்லை, எதை எதால் வகுப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே வந்தது. நான் தரகரும் இல்லை, நில அளவையாளரும் இல்லை. கொழும்பில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்.

நீங்களும் என்னைப்போல இங்கே இருந்துகொண்டு தமிழ்நாட்டில் உள்ள சொந்தக்காரருக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சென்ட் என்ற அளவு இங்கே காணி விற்பனையில் கிடையாது. (உங்கள் பெயரிலேயே வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இலங்கைக் குடிமகன் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலம் வாங்க முடியாது, அதிலும் விவசாய நிலம் என்றால் இன்னும் சிக்கல்.)

எங்கள் பெரியப்பா குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஹட்டனிலிருந்து அங்கே போனவர்கள். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, துறையூர்ப் பக்கம் ஒரு துண்டு புன்செய் நிலம் பார்த்திருந்தார். ஏக்கர் 32 லட்சம், காணி 37 சென்ட் என்று தரகர் சொல்லியிருந்தார். பணத்தில் ஒரு பகுதியை டொராண்டோவில் இருக்கும் என் தங்கை கொடுப்பதாக ஏற்பாடு. அண்ணன் வாட்ஸப்பில் ‘மொத்தம் 11 லட்சத்து 84 ஆயிரம்’ என்று அனுப்பினார். 32,000 x 37, கணக்குச் சரி.

இரவு அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தொலைபேசியில் கொதித்தார். "என்னடா உங்க அண்ணன் நாலரை லட்சம் கூட்டிச் சொல்றான்? நான் போட்டுப் பார்த்தேன், 7 லட்சத்து 40 ஆயிரம்தான் வருது." அத்தான் கொழும்பில் இரண்டு மூன்று காணி வாங்கி விற்றவர், அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. தங்கையும் உடனே பணத்தை நிறுத்திவிட்டாள். அண்ணன் ஏமாற்றுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் அதுதான்.

அத்தான் செய்தது இதுதான். அவருக்கு ஏக்கர் என்றால் 160, ஏனென்றால் இங்கே ஒரு ஏக்கர் 160 பேர்ச். கை தானாகவே 32 லட்சத்தை 160-ஆல் வகுத்திருக்கிறது. 20,000 வந்தது. அது ஒரு பேர்ச்சின் விலை, அந்த அளவில் சரியான எண்தான். அதை 37-ஆல் பெருக்கினார். 37 என்பது சென்ட். பேர்ச் விலையைச் சென்ட் எண்ணிக்கையால் பெருக்கினால் 7.40 லட்சம் வரும், அந்த விலைக்கு அங்கே ஒருவரும் தரமாட்டார்.

நான் அவருக்குப் பாடம் நடத்தப் போகவில்லை, வயதில் மூத்தவர். சதுர அடியில் எழுதிக் காட்டினேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். நூறாகப் பிரித்தால் சென்ட், 435.6 சதுர அடி. நூற்றறுபதாகப் பிரித்தால் பேர்ச், 272.25 சதுர அடி. ஆகவே ஒரு சென்ட் சரியாக 1.6 பேர்ச். 37 சென்டை 1.6-ஆல் பெருக்கினால் 59.2 பேர்ச், அதை அத்தானின் 20,000 ரூபாயால் பெருக்கினால் அதே 11 லட்சத்து 84 ஆயிரம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி சரி, அப்ப சரிதான்" என்று வைத்துவிட்டார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் பரப்பில் நினைத்தாலும் இதே வழிதான்: 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று எடுத்தால் ஒரு பரப்பு ஆறேகால் சென்ட். எந்த அளவில் வேண்டுமானாலும் நினையுங்கள், விலையும் விஸ்தீரணமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் அண்ணன் பட்டாவைப் படமெடுத்து அனுப்பினார். புல எண், உட்பிரிவு எல்லாம் தாண்டி புன்செய் என்ற பத்தியின் கீழ் 0 - 14.50 என்று இருந்தது. தமிழ்நாட்டுப் பட்டாவில் விஸ்தீரணம் சென்டில் இருக்காது, ஹெக்டேர் - ஏர் என்றுதான் போடுவார்கள். அதாவது இங்கே 0 ஹெக்டேர், 14.50 ஏர். ஒரு ஏர் என்பது நூறு சதுர மீட்டர், சென்டில் சொன்னால் 2.471. பெருக்கிப் பார்த்தால் 35.83 சென்ட்தான் வருகிறது, 37 இல்லை.

தரகரிடம் கேட்டதற்கு "வேலிக்குள்ளே 37 இருக்குங்க, கையால அளந்தது" என்றாராம். இருக்கலாம். ஆனால் வேலிக்குள் இருப்பதெல்லாம் பட்டாவில் இருப்பதாக அர்த்தமில்லை. வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கு உள்ளே வந்திருக்கும், அல்லது பக்கத்துக் காணிக்காரரின் ஓரடி வந்திருக்கும். அதற்கும் சென்ட் 32 ஆயிரம் கொடுத்தால் நாளைக்கு அதைப் பத்திரத்தில் காட்ட முடியாது. 1.17 சென்ட் சின்ன விஷயமாகத் தெரியும், பணமாக்கினால் 37 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

அப்புறம் தரகர் நல்ல மனிதர் மாதிரி, "கணக்கு என்னத்துக்குங்க, ரவுண்டா 12 லட்சம் வச்சு முடிச்சிடலாம்" என்றார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தலையாட்டிவிடுவார்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 12 லட்சத்தை 35.83-ஆல் வகுத்தால் சென்ட் ஏறக்குறைய 33,490, நூறால் பெருக்கினால் ஏக்கர் சுமார் 33 லட்சத்து 49 ஆயிரம். பேசியது 32. ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. சின்னத் துண்டுக்கு ஏக்கர் விலையை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது அங்கே வழக்கம்தான், சாலையை ஒட்டியிருந்தால் இன்னும் கேட்பார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. கூடுதல் வேண்டுமென்றால் கூடுதல் என்று சொல்லிக் கேட்க வேண்டும், ரவுண்டு என்று சொல்லிக் கேட்கக் கூடாது.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு எரிச்சல் வருகிறது. வெள்ளவத்தையில் நாங்கள் பார்த்த ஒரு மாடிக் குடியிருப்பில் (யாருடையது என்று சொல்லவில்லை, தேவையுமில்லை) சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னார்கள். உள்ளே டேப் பிடித்து அளந்தால் சொன்ன சதுர அடி வரவே இல்லை. லிஃப்ட் முன்னால் இருக்கும் நடை, படிக்கட்டு எல்லாவற்றிலும் நம் பங்கையும் சேர்த்துத்தான் அந்த எண்ணாம். ‘அதெல்லாம் வழமைதானே அங்கிள்’ என்று ஒரு சின்னப் பையன் எனக்குச் சொல்கிறான். நடையில் கட்டில் போட்டுப் படுக்கவா முடியும்? சரி, அதை விடுவோம்.

துறையூர்க் காணிக்கு வருகிறேன், அங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை இருந்தது. நிலத்தின் ஒரு பக்கமாகப் பின்னால் உள்ளவர்கள் போய்வர ஒரு வண்டிப் பாதை, 10 அடி அகலம், 130 அடி நீளம். 1,300 சதுர அடியை 435.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 சென்ட். அது இந்தப் பட்டாவுக்குள்தான் வருகிறது, ஆனால் அதில் எதுவும் நட முடியாது, அடைக்கவும் முடியாது. 96 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பாதை. அண்ணன் அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், காணிக்காரர் மசியவில்லை. கிணற்றில் பங்கு உண்டு என்பதைப் பத்திரத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார், அதோடு விட்டுக்கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாதையின் விலையில் பாதியாவது குறைத்திருக்க வேண்டும், ஆனால் வெயிலில் நின்று பேசுகிறவர் அண்ணன், நான் இல்லை.

நான் பிடிவாதமாக நின்றது ஒரு விஷயத்தில் மட்டும். முன்பணம் கொடுக்கும் கிரய ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை எழுத வேண்டாம், ‘அளந்து வரும் விஸ்தீரணத்துக்கு சென்ட் ஒன்றுக்கு ரூ. 32,000’ என்று எழுதுங்கள் என்றேன். அப்படியே எழுதினார்கள். அளவையாளர் புலப்படத்தை வைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் அளந்ததில் 35 முக்கால் சென்ட் வந்தது. 11 லட்சத்து 44 ஆயிரத்தில் முடிந்தது. முதலில் கேட்டதற்கும் இதற்கும் 40 ஆயிரம் குறைவு. தரகும் பத்திரச் செலவும் தனி, அதை யாரும் சென்ட் விலையில் சேர்த்துச் சொல்லமாட்டார்கள், நீங்கள் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் 43 சென்ட் உண்மையென்றால் பட்டாவில் 0 - 17.40 என்ற அளவில் இருக்க வேண்டும். படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். 16-இல் தொடங்கும் எண்ணாக இருந்தால் அது 42 சென்டைக்கூடத் தொடாது, அப்போது 12 லட்சத்து 4 ஆயிரம் என்ற பேச்சை எடுக்கவே விடாதீர்கள், 28,000 என்ற சென்ட் விலையில் மட்டும் பேசுங்கள்.