அப்பாவுக்கா, அப்பாவிடமா: ‘இருக்கிறது’ கேட்கும் வேற்றுமை

கேள்வி: “நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகன் கட்டுரையில் ‘அப்பா காடி இருக்கு’ என்று எழுதுகிறான். ‘அப்பாவுக்கு’ என்று எழுத வேண்டுமா, ‘அப்பாவிடம்’ என்று எழுத வேண்டுமா? அவன் எழுதியது பிழைதானா?”

அப்பா காரின் உரிமையாளர் என்று சொல்ல வந்திருந்தால் ‘அப்பாவுக்கு’ அல்லது ‘அப்பாவிடம்’ என்று எழுத வேண்டும். உருபில்லாத ‘அப்பா’ அந்தப் பொருளைத் தராது. ஆனால் ‘அப்பா காடி இருக்கு’ என்பது வேறொரு பொருளில் நல்ல தமிழ் வாக்கியமே. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் கார் நிற்கிறது, அவர் வேலைக்குப் போகவில்லை என்று சொல்லும்போது நாம் அப்படித்தான் பேசுகிறோம். அங்கே ‘அப்பா’ என்பது ‘அப்பாவுடைய’ என்பதன் உருபு மறைந்த வடிவம். பிழை கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஆகவே பெயரை எடுத்துவிட்டு ‘நான்’ என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘நான் காடி இருக்கு’ என்று எந்தப் பிள்ளையின் காதும் ஒப்புக்கொள்ளாது. ‘என் காடி இருக்கு’ என்றால் கார் அங்கே நிற்கிறது என்று பொருள். ‘எனக்குக் காடி இருக்கு’ என்றால் கார் எனக்குச் சொந்தம் என்று பொருள். சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்புக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் இதே பிழையைப் பார்க்கிறேன். மலாயில் ‘ஆயா அடா கெரேத்தா’ என்னும்போது உரிமையாளரின் பெயர் எந்த உருபும் இன்றி வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. அந்தப் பழக்கம் தமிழுக்குள்ளும் வந்துவிடுகிறது என்றே கருதுகிறேன்.

இனி, ‘கு’வா ‘இடம்’ஆ என்பது. ‘கு’ உறவையும் உரிமையையும் சொல்கிறது. ‘இடம்’ பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. மாமா தம் மோட்டார் சைக்கிளைத் தம்பிக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்திருந்தால், ‘மாமாவுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, ஆனால் அது இப்போது தம்பியிடம் இருக்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லலாம், இரண்டும் உண்மை.

வேறுபாடு ‘இல்லை’யில்தான் கூர்மையாகத் தெரிகிறது. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் கேட்கும்போது ‘என்னிடம் அடையாள அட்டை இல்லை’ என்பவர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவராக இருக்கலாம். ‘எனக்கு அடையாள அட்டை இல்லை’ என்பவருக்கோ அது வழங்கப்படவே இல்லை. பிறப்புப் பதிவு இல்லாமல் வளர்ந்தவர்களைக் கண்ட நம் தோட்டங்களில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பணத்துக்கு ‘இடம்’தான் இயல்பு: ‘என்னிடம் பத்து வெள்ளி இருக்கிறது’. ‘எனக்குப் பத்து வெள்ளி இருக்கிறது’ என்றால், யாரோ எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றோ, எனக்கு வர வேண்டியது பாக்கி என்றோ கேட்பவர் நினைப்பார்.

உறவுமுறையில் ‘கு’ மட்டுமே பொருந்தும். நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூலும் ‘முறை’யை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. ‘என்னிடம் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்று எழுதினால், அவர்கள் என் பொறுப்பில் தங்கியிருக்கிறார்கள் என்றாகிவிடும். காய்ச்சல், பசி போன்றவையும் ‘கு’வோடுதான் வரும். பொறுமை, திறமை போன்ற குணங்களில் மட்டும் கோடு மங்குகிறது: ‘அவருக்குப் பொறுமை இருக்கிறது’, ‘அவரிடம் பொறுமை இருக்கிறது’ இரண்டையும் நான் திருத்துவதில்லை. உயிரில்லாத பொருளின் பெயரோடு ‘இடம்’ பொதுவாகச் சேராது. ‘வீட்டிடம்’ என்று யாரும் சொல்வதில்லை. வீட்டின் உறுப்பைச் சொன்னால் ‘வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்கிறது’, உள்ளே கிடப்பதைச் சொன்னால் ‘வீட்டில் நான்கு நாற்காலிகள் இருக்கின்றன’.

உருபைச் சரியாகப் போட்ட பிறகும் வினைமுற்றில் ஒரு சறுக்கல் வரும். வினை உரிமையாளரைப் பார்ப்பதில்லை, உரிய பொருளைப் பார்க்கிறது. அதனால் ‘எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறேன்’ என்பதும், எழுத்துத் தமிழில் ‘எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறது’ என்பதும் பிழை. ‘இருக்கிறார்’ என்பதே சரி. ‘இல்லை’ திணை, எண் எதற்கும் மாறாததால், பிள்ளை இதை அறிந்திருக்கிறானா என்பது எதிர்மறை வாக்கியத்தில் தெரியாது. ‘எனக்கு அண்ணன் இல்லை’ என்று சரியாக எழுதியவனிடம் அதையே உடன்பாட்டில் மாற்றி எழுதச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.